‘வாம்மா’வும் ‘ராவம்மா’வும்: ரெண்டு வீட்டுக்கும் ஒரே பல்லவி!

மாப்பிள்ளை வீடு விழுப்புரம். பெண் வீட்டார் நெல்லூர்க்காரர்கள், தெலுங்கு மட்டும்தான் தெரியும். திண்டிவனத்தில் கல்யாணம். மருமகளை வரவேற்று மாப்பிள்ளையின் தங்கை ஒரு பாட்டு எழுத வேண்டும். பல்லவி இரண்டு வீட்டுக்கும் புரிய வேண்டும். எப்படி எழுதுவது?

பாட்டு பிடித்துப்போவது வேறு, புரிவது வேறு. சிலோன் மனோகர் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’யை நாம் தலைமுறை தலைமுறையாகக் கைதட்டிப் பாடுகிறோம். அதில் வரும் ‘மாலு’ என்றால் சிங்களத்தில் மீன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த சேதி நமக்கு வந்து சேரவே இல்லை. தாளம் மட்டும் வந்தது. கொண்டாட்டத்துக்கு அது போதும், மருமகளை அழைக்கப் போதாது.

தமிழுக்கும் தெலுங்குக்கும் நல்லவேளையாக உறவு உண்டு. ஊரு, பேரு, கண்ணு எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். நாம் ‘வா’ என்பதை அவர்கள் ‘ரா’ என்கிறார்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

நம்ம ஊருக்கு வாம்மா
மன ஊரிகி ராவம்மா

இரண்டு வரிக்கும் பொருள் ஒன்றே. ‘எங்க’, ‘நம்ம’ என்று நாம் பிரிப்பதுபோலத் தெலுங்கிலும் ‘மா’, ‘மன’ என்று இரண்டு உண்டு. ‘மா ஊரு’ என்றால் எங்கள் ஊர். அதில் மருமகள் சேர்த்தி இல்லை. ‘மன ஊரு’ என்றால் அவளையும் சேர்த்து நம் ஊர். வரவேற்புப் பாட்டில் ‘எங்க ஊருக்கு வா’ என்று எழுதினால், வாசலிலேயே அவளை விருந்தாளி ஆக்கிவிடுவோம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தெலுங்கே தெரியாத விழுப்புரத்து அத்தையின் காதில் ‘மன ஊரு’ மனசுக்குள் இருக்கும் ஊராக விழும். தப்புதான். ஆனால் அழகான தப்பு, இருக்கட்டும்!

அடுத்து மெட்டு. மாத்திரைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குறிலுக்கு ஒன்று. நெடிலுக்கும், ஒற்று அடுத்து வரும் குறிலுக்கும் இரண்டு. ‘நம்ம ஊருக்கு’ எட்டு, ‘வாம்மா’ நாலு. ஆகப் பன்னிரண்டு. ‘மன ஊரிகி’ ஆறு, ‘ராவம்மா’ ஆறு. அதுவும் பன்னிரண்டு. வெறும் ‘ரா’ என்று நிறுத்தியிருந்தால் வரி எட்டிலேயே முடிந்துவிடும். மெட்டை நிரப்ப ‘மன’வை ‘மானா’ என்று இழுக்க வேண்டிவரும். அப்படி இழுத்தால் தெலுங்குக் காதுக்கு அந்தச் சொல்லே தொலைந்துபோகும். குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் மொழிகள் இரண்டுமே. இழுப்பதற்கு வரியின் கடைசி ‘ம்மா’ இருக்கிறது, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

பல்லவி முழுக்க இப்படி மொழிபெயர்த்துக்கொண்டே போனால் இரண்டு மொழியும் தெரிந்தவர் கொட்டாவி விடுவார். அதனால் அடுத்த இரண்டு வரிகளில் கேள்வியைத் தெலுங்கில் வைத்து, பதிலைத் தமிழில் சொல்லலாம்.

கன்னீரு எந்துகம்மா

‘கண்ணீர் எதுக்கம்மா?’ என்று விளக்கவே வேண்டாம், நம் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். இதுவும் பன்னிரண்டு மாத்திரை. இதற்குப் பதிலாக ‘உன் வீடுதான் இதம்மா’ என்று எழுதத் தோன்றும். கணக்கும் சரியாக வரும். ஆனால் தெலுங்கில் ‘வீடு’ என்றால் ‘இவன்’, அதுவும் மரியாதை இல்லாத ‘இவன்’. மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது இப்படிப் பாடினால் சம்பந்தி வீட்டார் யாரைப் பார்ப்பார்கள்? அவர்கள் மொழியில் வீட்டுக்கு ‘இல்லு’ என்று பெயர். நம்மிடம் இல்லம் இருக்கிறதே!

இது உன் இல்லந்தாம்மா

இதுவும் பன்னிரண்டு. சொல் ஒன்றாகவே ஒலித்து, பொருள் மட்டும் வேறாக இருப்பவைதான் இருமொழிப் பாட்டில் காலை வாரிவிடும். புரியாத சொல்லைக் கேட்டவர் சும்மா இருந்துவிடுவார். தப்பாகப் புரிந்த சொல்லுக்குத்தான் சிரிப்பார், இல்லையென்றால் முறைப்பார்.

பாடிப் பார்க்கும்போது யாரிடம் கருத்து கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. உச்சரிப்பைத் திருத்த அவர்கள் உதவுவார்கள். புரிகிறதா என்று மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். இரண்டும் தெரிந்தவருக்கு எல்லாமே புரியும். தலைமுறைகளாக இங்கே வாழ்வதால் அவர்கள் பேச்சில் தமிழும் கலந்திருக்கும். நெல்லூர்ப் பாட்டிக்கு போனில் ஒரே ஒரு முறை பாடிக் காட்டுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காமல், “பாட்டுல என்ன சொல்றாங்க?” என்று கேளுங்கள். “பெண்ணைக் கூப்பிடறாங்க, அழாதேங்கறாங்க” என்று பாட்டி சொல்லிவிட்டால், மேளக்காரரிடம் மெட்டைக் கொடுத்துவிடலாம்.