சம்பளத்துக்கு முந்தின இரண்டு நாள்

சம்பளம் 7-ஆம் தேதி. வீட்டுக் கடன் தவணை 5-ஆம் தேதி. இப்படி இருப்பவர்கள் கணக்கை 1-ஆம் தேதியில் தொடங்கி எழுதினால் உண்மை தெரியாது. இந்த மாதம் 5-ஆம் தேதி போகும் தவணை, போன மாதச் சம்பளத்தில் மிஞ்சியதிலிருந்துதான் போகிறது. அதனால் 7-இல் தொடங்கி அடுத்த 6-இல் முடியும்படி நாட்காட்டி போடுங்கள்.

அதில் எதையெல்லாம் எழுதுவது? நினைவிலிருந்து எழுதினால் விட்டுப்போகும். ஒரு வருட பாஸ்புக் பதிவுகளைப் பார்த்து எழுதுங்கள். வருடாந்திர இன்சூரன்ஸ் பிரீமியம், அரையாண்டு சொத்து வரி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணம் எல்லாம் அதில்தான் அகப்படும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கையிருப்பு 1,500 ரூபாய், சம்பளம் 48,000. ஆக 49,500. வாடகை வீட்டில் இருந்துகொண்டே ஊரில் கட்டிய வீட்டுக்குத் தவணை கட்டுகிறவர் என்று வையுங்கள். 8-ஆம் தேதி வாடகை 12,000. 10-ஆம் தேதி சீட்டுக்கு 5,000, மியூச்சுவல் ஃபண்டுக்கு 3,000. 18-ஆம் தேதி கிரெடிட் கார்டு 6,000. வாரம் 2,500 வீதம் நான்கு வார வீட்டுச் செலவு 10,000. நான்காம் தேதி இரவு மிச்சம் 13,500. மறுநாள் தவணை 12,000 போக, மறுபடி அதே 1,500.

மின் கட்டணம் வராத மாதம் இப்படி ஓடிவிடும். 2,400 ரூபாய் மின் கட்டணம் வருகிற மாதத்தில் நான்காம் தேதி இருப்பது 11,100தான். தவணைக்கு 900 ரூபாய் குறைகிறது. தவணை திரும்பினால் உங்கள் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவர் தனியாக ஒன்று போடுவார். இரண்டும் சேர்ந்தால் பற்றாக்குறைத் தொகையைத் தொட்டுவிடக்கூடும். சிபில் அறிக்கையிலும் பதிவாகலாம்.

இங்கே பலரும் தவணைத் தேதியை 10-க்கு மாற்றக் கேட்பார்கள். பணம் இருந்து, தேதிதான் முன்னே பின்னே என்றால் அது சரி. மேலே சொன்ன கணக்கில் அது தள்ளிப்போடுவது மட்டுமே. மின் கட்டணத்தை மாதத்துக்கு 1,200 என்று பிரித்தால் செலவு 49,200 ஆகிறது, வரவைவிட அதிகம். ஃபண்டு தொகையை 1,800 ஆக்கினால்தான் கணக்கு நேராகும். அந்த 1,200-ஐ மின் கட்டணம் வராத மாதத்திலும் தொடாமல் வைக்க வேண்டும்.

இன்னொன்று. தானாகப் பிடிக்கும் தவணைகள் பெரும்பாலும் காலையிலேயே கணக்குக்கு வந்துவிடும். அன்று மதியம் பணம் போடுவது பயன்படாமல் போகலாம். ஆகவே நாட்காட்டியில் அதை முந்தின நாளிலேயே எழுதுங்கள். ஞாயிறு, விடுமுறை என்றும் நம்பாதீர்கள். 2021 ஆகஸ்ட் முதல் இந்தப் பற்று முறை எல்லா நாளும் இயங்குகிறது. சம்பளம் தாமதமாகலாம், தவணை ஆகாது.