மூன்று சீட்டு, 27 வழி

கணினியில் 1, 2, 3 என்ற மூன்று சீட்டுகளைக் கலைக்க வேண்டும். ஒவ்வொரு இடத்துச் சீட்டையும் மூன்றில் ஏதோ ஓர் இடத்துச் சீட்டோடு மாற்றிக்கொண்டே போனால் போதும் என்றுதான் தோன்றும். போதாது. மூன்று மாற்றம், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு: மொத்தம் 27 வழிகள். வரக்கூடிய வரிசைகளோ ஆறு. 27-ஐ ஆறால் மீதியின்றி வகுக்க முடியாதே! எழுதிப் பார்த்தால் 132, 213, 231 ஐந்தைந்து வழிகளில் வருகின்றன. 123, 312, 321 நான்கில்தான். நாலைந்து முறை ஓட்டினால் இந்தச் சாய்வு கண்ணில் படாது. லட்சம் முறை ஓட்டி எண்ணினால் அப்பட்டமாகத் தெரியும்.

1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் வெளியிட்ட முறையில், கடைசி இடத்துக்கு மூன்றிலிருந்தும் ஒன்றை எடுக்கிறோம். பிறகு அதைத் தொடுவதே இல்லை. அடுத்த இடத்துக்கு மிச்சமுள்ள இரண்டிலிருந்து ஒன்று. 3 × 2 = 6 வழிகள், வரிசைக்கு ஒன்று. பைத்தானின் `random.shuffle` இப்படித்தான் கலைக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.