உடையாத மிச்சம்

லண்டனில் பட்னி என்ற இடத்தில் நோயுற்றுப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி வாடகைக் காரில் போன கதை எல்லோருக்கும் தெரியும். கார் எண் 1729. சுவையில்லாத எண் என்றார் ஹார்டி. இல்லை, இரு கனங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார் ராமானுஜன். பன்னிரண்டின் கனத்தோடு ஒன்றைக் கூட்டினாலும் 1729. பத்தின் கனத்தோடு ஒன்பதின் கனத்தைக் கூட்டினாலும் 1729.

இந்தச் சம்பவத்தை ராமானுஜனுக்கான அஞ்சலிக் கட்டுரையில் ஹார்டியே எழுதினார். அதில் 1729-க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர் போட்டுவைத்த 7 × 13 × 19 என்ற குறிப்பைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. எண்ணை உடைத்துப் பார்த்த பிறகுதான் சுவையில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார் போலும். அந்த மூன்று பகா எண்களும் எங்கிருந்து வந்தன என்று தேடினால், ஒன்பது, பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் வரும் ஒரு முற்றொருமையில் போய் நிற்கிறோம்.

a³ + b³ = (a + b)(a² − ab + b²)

a³ − b³ = (a − b)(a² + ab + b²)

இரண்டாவதைப் பாடம் பண்ணுவதைவிடக் கத்தியும் சோப்பும் கொண்டு பார்ப்பது எளிது. எல்லாப் பக்கமும் 5 செ.மீ. உள்ள ஒரு சோப்புக் கட்டி. அதன் ஒரு மூலையிலிருந்து 3 செ.மீ. கனசதுரம் ஒன்றை வெட்டி எடுத்துவிடுகிறோம். 125-இல் 27 போக 98 கன செ.மீ. மிஞ்ச வேண்டும். மிஞ்சியிருப்பது மூன்று பக்கம் சுவர் வைத்த ஒரு கூடு. சுவரின் தடிமன் எங்கும் 2 செ.மீ. அதை மூன்று பலகைகளாக அறுக்கலாம். முதல் பலகை 5-க்கு 5, அடுத்தது 5-க்கு 3, கடைசி 3-க்கு 3. மூன்றின் பரப்பையும் கூட்டினால் 25 + 15 + 9, அதாவது 49. தடிமன் 2-ஆல் பெருக்கினால் 98. தடிமன்தான் a − b. பலகைகளின் பரப்புதான் a² + ab + b². ஓரப் பலகை இரண்டுக்கும் இடையில் 5-க்கு 3 பலகை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், நடுவில் வருவது ab-யா 2ab-யா என்ற குழப்பம் பிறகு வராது.

அந்தக் குழப்பம்தான் தேர்வுத்தாள்களில் அதிகம் மதிப்பெண் தின்கிறது. (a + b)² என்பதில் நடுவில் 2ab வருவதை ஓராண்டு முழுக்க எழுதிப் பழகிய கை, கனத்துக்கும் அதையே எழுதிவிடும். x³ + 8-ஐக் காரணிப்படுத்தச் சொன்னால் (x + 2)(x² − 4x + 4) என்று வரும். அதோடு நின்றாலும் பரவாயில்லை. x² − 4x + 4 ஒரு முழு வர்க்கம் என்பது உடனே கண்ணில் படும். (X + 2)(x − 2)² என்று அழகாக முடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். விடை அழகாக இருப்பதாலேயே சந்தேகம் எழுவதில்லை. x-க்கு 2 போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அந்த விடை பூச்சியம் தருகிறது; ஆனால் இரண்டின் கனத்தோடு எட்டைக் கூட்டினால் 16. சரியான விடை (x + 2)(x² − 2x + 4). இதில் 2-ஐப் போட்டால் நான்கு நான்கு பதினாறு.

குறிகளுக்கு ஒரு வரி போதும்: முதல் அடைப்பில் கேள்வியில் இருக்கும் குறி, இரண்டாவதன் நடுவில் அதற்கு மாறான குறி, கடைசியில் எப்போதும் கூட்டல்.

x² − 2x + 4-ஐ இனி உடைக்க முடியுமா? பெருக்கினால் 4, கூட்டினால் −2 வரும் இரண்டு எண்களைத் தேடி மாணவர்கள் தாளின் ஓரத்தை நிரப்புகிறார்கள். தேடவே வேண்டாம். இந்த இருபடி உடையாது. ஏன் உடையாது என்பதற்கான காரணம் கனத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

ஓர் எண்ணின் வர்க்கம் 4 என்றால் அது 2 ஆகவும் இருக்கலாம், −2 ஆகவும் இருக்கலாம். கனத்துக்கு அந்த வசதி இல்லை. எண் பெரிதாகப் பெரிதாக அதன் கனமும் பெரிதாகிக்கொண்டே போகும், எங்கும் திரும்பி வராது. ஆகவே −8-ஐக் கனமாகக் கொண்ட மெய்யெண் −2 ஒன்றுதான். x³ + 8 பூச்சியமாகும் ஒரே இடமும் அதுவே. மிஞ்சிய இருபடி இரண்டு ஒருபடிக் காரணிகளாக உடைந்தால், அது பூச்சியமாகும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் −2 தவிர வேறாக இருக்க முடியாது. −2-ஐப் போட்டுப் பார்த்தால் 4 + 4 + 4, அதாவது 12. பூச்சியம் இல்லை. கதை முடிந்தது.

வர்க்கமாக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் x² − 2x + 4 என்பதை (x − 1)² + 3 என்று எழுதலாம். எதைப் போட்டாலும் 3-க்குக் கீழே இறங்காது. தன்மைகாட்டி வழியில் போனால் a² − ab + b²-க்குக் கிடைப்பது b² − 4b², அதாவது −3b². b பூச்சியமாக இல்லாதவரை இது எப்போதும் குறை எண். கனங்கள் எவையாக இருந்தாலும் இதே −3 வந்து நிற்கும் என்பதால், ஒவ்வொரு கணக்கிலும் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. கலப்பெண்களை அனுமதித்தால் இதுவும் உடையும்தான். இங்கே பேச்சு மெய்யெண்களைப் பற்றி.

ஆனால் ‘மிஞ்சியது உடையாது’ என்பதை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தால் ஓரிடத்தில் சறுக்கும். x⁶ − 64 என்ற கணக்கு அதற்கென்றே செய்தது போன்றது. இதை வர்க்கங்களின் வித்தியாசமாகவும் பார்க்கலாம், கனங்களின் வித்தியாசமாகவும் பார்க்கலாம். வர்க்கமாகப் பார்த்தால் (x³ − 8)(x³ + 8). இரண்டும் கனக் கணக்குகள். உடைத்தால் (x − 2)(x² + 2x + 4)(x + 2)(x² − 2x + 4). நான்கு காரணிகள்.

கனமாகப் பார்க்கிறவர் x²-இன் கனத்திலிருந்து 4-இன் கனத்தைக் கழிக்கிறார். (x² − 4)(x⁴ + 4x² + 16) கிடைக்கிறது. முன்பகுதி (x − 2)(x + 2) ஆகிறது. பின்பகுதி, முற்றொருமை தந்த மிச்சம், உடையாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நிறுத்திவிடுகிறார். மூன்று காரணிகள். ஒரே கணக்குக்கு இரண்டு விடை இருக்க முடியாது. தவறு எங்கே?

x⁴ + 4x² + 16 இருபடி மாதிரி வேடம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அது x²-இல் இருபடி. X-இல் நான்காம் படி. தன்மைகாட்டி குறை எண்ணாக வருவது, x² என்ற தொகுதியை வைத்து அதை உடைக்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. இரண்டு இருபடிகளாக உடைவதை அது தடுக்கவில்லை. வழி இது: நடுவில் 8x² இருந்தால் முழு வர்க்கமாகிவிடும், இருப்பதோ 4x². குறைவதைக் கூட்டி, கூட்டியதைக் கழித்தால் (x² + 4)² − 4x². 4x² என்பது 2x-இன் வர்க்கம். ஆகவே (x² + 2x + 4)(x² − 2x + 4). விட்டுப்போன நான்காவது காரணி கிடைத்துவிட்டது. இரண்டும் பொருந்தும் இடத்தில் வர்க்கத்தை முதலில் உடைத்துவிட்டால் இந்தச் சுற்று வேலை மிச்சம்.

உண்மையில், மெய்யெண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக் கோவையும் ஒருபடி, இருபடிக் காரணிகளாக உடைந்தே தீரும் என்பதை நிறுவுவதே 1799-இல் காஸ் எழுதிய ஆய்வேட்டின் பொருள். அதனால் மிச்சத்தில் நான்காம் படி தெரிந்தால் அங்கே நிற்கக் கூடாது. நிற்க நேர்ந்தாலும் காரணத்தோடு நிற்க வேண்டும். x⁶ + 64-ஐ எடுத்துக்கொண்டால் (x² + 4)(x⁴ − 4x² + 16) வருகிறது. முன்பு செய்த அதே வித்தையைப் பின்பகுதியில் செய்தால் (x² + 4)² − 12x². இங்கே 12 முழு வர்க்கமில்லை. √12-ஐ உள்ளே கொண்டுவந்தால் உடையும், முழு எண்களோடு நின்றால் உடையாது. பள்ளிக் கணக்கில் இங்கே நிறுத்துவது சரி. ஒரு குறி மாறியதற்கே இவ்வளவு வித்தியாசம்.

இப்போது 1729-க்குத் திரும்பலாம். x³ + 1-ஐ உடைத்தால் (x + 1)(x² − x + 1). x-க்கு 12 போட்டால் முதல் அடைப்பு 13. மிச்சம் 144 − 12 + 1, அதாவது 133. உடையாத மிச்சம் என்று இவ்வளவு நேரம் பேசிய அதே இருபடிதான். ஆனால் 133 என்ற எண் 7 × 19 என்று பளிச்சென்று உடைகிறது. இதில் முரண் எதுவும் இல்லை. x² − x + 1 உடையாது என்றால், எல்லா x-க்கும் பொருந்தும் ஒரே சூத்திரமாக அதை உடைக்க முடியாது என்று பொருள். குறிப்பிட்ட எண்ணைப் போட்ட பிறகு கிடைப்பது வெறும் எண். அது தன் போக்கில் உடையும், உடையாமலும் இருக்கும். x-க்கு 3 போட்டால் 7, 4 போட்டால் 13. இரண்டும் பகா எண்கள். 5 போட்டால் 21.

இன்னொரு வழியில், பத்தும் ஒன்பதும் கூடி 19. மிச்சம் 100 − 90 + 81, அதாவது 91. அது 7 × 13. முதல் வழியில் கூடுதலாக நின்ற 13 இங்கே மிச்சத்துக்குள் போயிருக்கிறது. அங்கே மிச்சத்துக்குள் இருந்த 19 இங்கே கூடுதலாக வெளியே வந்திருக்கிறது. 7 மட்டும் இரண்டு முறையும் மிச்சத்திலேயே தங்கிவிட்டது. ஹார்டியின் அடைப்புக்குறிக்குள் இருந்த மூன்று எண்களும் இவைதான்.

எண்ணாக உடையும்போதுகூட இந்த மிச்சம் கண்டபடி உடைவதில்லை. a-யும் b-யும் பொதுக் காரணி இல்லாத எண்களாக இருந்தால், a² − ab + b² ஒருபோதும் இரட்டை எண் ஆகாது. 5-ஆலும் 11-ஆலும் வகுபடாது. அதற்குள் வரக்கூடிய பகா எண்கள், 3-ஐ விட்டுவிட்டால், 6-ஆல் வகுக்கும்போது மீதி 1 தருபவை மட்டுமே. 7, 13, 19 மூன்றுக்கும் மீதி 1.