ரங்கூன் அரிசியும் சிரம்பான் ரப்பரும்

இரண்டாம் உலக யுத்தத்திற்கு முந்திய காலத்தில், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பின்னர் வரிசை வரிசையாக மரங்களைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலைக் காண்டாவில் சேர்த்துக் கொட்டகைக்குச் சுமந்த தமிழ்த் தொழிலாளி, மாலையில் உலையில் இட்ட அரிசி பெரும்பாலும் அந்த மண்ணில் விளைந்ததன்று. மலாயா உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலேறி வந்தது. கோலாப்பிலாவிலும் ரெம்பாவிலும் மலாய்க் குடியானவர்கள் நன்றாகவே நெல் விளைவித்துவந்திருக்க, ஒரு தேசம் தன்னால் விளைவிக்கக்கூடிய பொருளை ஏன் கடல் கடந்து வாங்கவேண்டும் என்று கேட்பது நியாயமே.

1817-இல் டேவிட் ரிக்கார்டோ, இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுக்கலின் திராட்சை ரசத்தையும் உதாரணமாகக் கொண்டு இதற்கு விடை கூறினார். அவ்விடையை நம் பக்கத்துச் சரக்குகளைக் கொண்டே பார்க்கலாம். கீழ்க்காணும் எண்கள் கணக்கிற்காக நான் கற்பித்தவை; மலாயாத் தொழிலாளி இரண்டு தொழிலிலும் பர்மியரை விஞ்சியவன் என்று வேண்டுமென்றே வைத்திருக்கிறேன்.

| ஒரு தொழிலாளியின் ஓராண்டு விளைவு | ரப்பர் (ராத்தல்) | அரிசி (ராத்தல்) |
|---|---|---|
| மலாயா | 1200 | 1200 |
| பர்மா | 400 | 1000 |

மேலெழுந்தவாரியாக நோக்குவோர், இரண்டிலும் வல்லவனான மலாயாக்காரன் பர்மாவிடம் வாங்க என்ன இருக்கிறது என்பார்கள். ஆனால் பார்க்கவேண்டியது யார் அதிகம் விளைவிக்கிறார் என்பதையன்று, ஒன்றை விளைவிக்க மற்றொன்றில் எவ்வளவு இழக்கிறார் என்பதையே. மலாயாவில் ஒரு ராத்தல் ரப்பருக்காக விட்டுக்கொடுப்பது ஒரு ராத்தல் அரிசி. பர்மாவிலோ இரண்டரை ராத்தல். ஆகவே ரப்பர் மலாயாவிலும், அரிசி பர்மாவிலும் மலிவு.

இப்பொழுது மலாயா ஒரு தொழிலாளியை வயலிலிருந்து தோட்டத்திற்கும், பர்மா இருவரைத் தோட்டத்திலிருந்து வயலுக்கும் மாற்றுவதாகக் கொள்வோம். மலாயாவில் 1200 ராத்தல் அரிசி குறைந்து 1200 ராத்தல் ரப்பர் கூடும். பர்மாவில் 800 ராத்தல் ரப்பர் குறைந்து 2000 ராத்தல் அரிசி கூடும். இரண்டையும் சேர்த்தால், புதிதாக ஓர் ஆளையும் அமர்த்தாமலே, 400 ராத்தல் ரப்பரும் 800 ராத்தல் அரிசியும் மிகுதி. ஒரு ராத்தல் ரப்பருக்கு ஒன்றரை ராத்தல் அரிசி என்ற விலையில் மலாயா 1000 ராத்தல் ரப்பர் அனுப்பினால் 1500 ராத்தல் அரிசி வரும். மாற்றத்திற்கு முன்பிருந்ததைவிட அதன் கையில் 200 ராத்தல் ரப்பரும் 300 ராத்தல் அரிசியும் கூடுதலாக இருக்கும். பர்மாவுக்கு 200 ராத்தல் ரப்பரும் 500 ராத்தல் அரிசியும் கூடுதல். விலை ஒன்றுக்கும் இரண்டரைக்கும் இடையே எங்கே நின்றாலும் இருவருக்கும் லாபமுண்டு. எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே யாருக்கு எவ்வளவு என்பது அமையும்.

அரிசிக் கப்பல் நின்றால் என்ன ஆகும் என்பதை ஜப்பானியர் ஆட்சி காட்டியது. உணவுக்கு வழியின்றி மக்கள் மரவள்ளிக்கிழங்கை நாடிய அக்காலத்தில், 1943-இன் இறுதி தொடங்கி, சிங்கப்பூரிலிருந்து யுரேசியரும் சீனக் கத்தோலிக்கரும் நெகிரி செம்பிலானின் பாஹாவுக்குப் பயிரிட அனுப்பப்பட்டனர். காட்டை வெட்டித் திருத்திய நிலம் பயிருக்கு உகந்ததாக இல்லை. மலேரியா நூற்றுக்கணக்கானோரை மாய்த்தது. உடன் சென்று மண்வெட்டி பிடித்த ஆயர் தெவால்ஸ் என்பவரும் 1945-இல் காலில் பட்ட காயத்தினால் மரித்தார். நகரத்தில் வேறு தொழில் கற்றவர்களைப் பயிர்த்தொழிலில் தள்ளியதன் விளைவு அது.

எனினும் இவ்வட்டவணையை வேதவாக்காகக் கொள்ளலாகாது. ஒரு தொழிலை விட்டவன் மறுநாளே மற்றொன்றில் நிற்பான் என்று அது எண்ணுகிறது. ரப்பர்க் கன்றோ சீவத் தக்க மரமாக ஆறேழு ஆண்டு வேண்டும். மேலும் லாபம் தேசத்திற்கு வந்தது என்று சொல்லுமேயன்றி, துரைக்கு எவ்வளவு, சீவினவனுக்கு எவ்வளவு என்று சொல்லாது. ஐராவதி டெல்டாவில் நெல்லுக்குக் கடன் கொடுத்த நம் நகரத்தார், 1930-களில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாதபோது, அடமான நிலங்களைப் பெருமளவில் ஏற்க நேர்ந்தது. பர்மாக் குடியானவனோ நிலத்தை இழந்தான்.

அதே மந்தத்தில் ரப்பர் விலையும் வீழ்ந்தது. அட்டவணையின்படி, தோட்டம் விட்ட தமிழன் வயலுக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் அவனுக்கு மலாயாவில் சொந்த வயலேது? நெல் விளையும் நிலத்தை மலாய்க்காரருக்கென்றே சட்டமும் வழக்கமும் பெரும்பாலும் காத்துவைத்திருந்தன. ஆகையால் அரசாங்கமும் தோட்டங்களும் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பின. மலாயாவின் கணக்கிலிருந்து நீங்கிய அந்தச் செலவை, தஞ்சை, திருச்சி ஜில்லாக் கிராமங்களில் அவர்களை எதிர்கொண்ட குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன.