கிளிக்கே இல்லை... ஓடிடி விளம்பரம் பலன் தந்ததா என எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

டிவியில் ஓடிடி படம் பார்க்கிறீர்கள். நடுவில் செருப்பு விளம்பரம் வருகிறது. ரிமோட்டை வைத்து யார் கிளிக் செய்வார்கள்? பாட்டு ஆப் என்றால் போனே பாக்கெட்டில்தான் இருக்கும். ஆக, கையில் இருப்பது ஒரே தகவல்: இந்த வீட்டில் விளம்பரம் ஓடியது.

பிறகு அதே வைஃபை ஐபி முகவரியிலிருந்து யாராவது செருப்பு வாங்கினால், அதை விளம்பரத்தால் வந்த விற்பனை என்று எழுதிவிடுவார்கள். சிக்கலே இங்குதான். எப்படியும் வாங்கியிருக்கப் போகிறவரும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

அதைப் பிரிப்பது எப்படி?

விளம்பரம் போடும் முன்பே வீடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். உதாரணத்துக்கு, 1 லட்சம் வீடுகளில் செருப்பு விளம்பரம். இன்னொரு 1 லட்சம் வீடுகளில் அதே இடத்தில் ஹெல்மெட் விழிப்புணர்வு விளம்பரம். முதல் குழுவில் 1,200 வீடுகள் வாங்கின, இரண்டாவதில் 1,000 என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் கொண்டுவந்தது 1,200 அல்ல, வெறும் 200தான்!

குலுக்கல் இல்லாமல், பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் சும்மா ஒப்பிட்டால் போதாதா? போதாது. செருப்பு தேடியவர்களுக்கே பெரும்பாலும் அந்த விளம்பரம் காட்டப்பட்டிருக்கும். வித்தியாசம் பொய்யாகப் பெருத்துத் தெரியும்.

குழு சின்னதாக இருந்தாலும் ஏமாறலாம். 10,000 வீடுகளில் 120, 100 என்று வந்தால் விகிதம் அதேதான். ஆனால் அந்த 20 வீடு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. 1 லட்சத்தில் 200 அப்படி வருவது மிக அபூர்வம்.