2 மணி 20 நிமிடம் தாங்கும் பேட்டரி

பழைய லேப்டாப் விற்பவர்களின் வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: 'கம்பெனி யூஸ்டு, ஏ கிரேடு, சூப்பர் கண்டிஷன், பேட்டரி பேக்கப் குட்.' இதில் வாங்குகிறவர் சோதித்துப் பார்க்கக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. ஏ கிரேடு என்றால் என்ன என்பதற்குக் கடைக்குக் கடை ஓர் அளவுகோல். ஒருவருக்குக் கீறலே இருக்கக் கூடாது. இன்னொருவருக்கு ஆன் ஆனால் போதும்.

எல்லோரும் ஒரே மாதிரி புகழும்போது வாங்குபவர் எல்லோரையும் ஒரே மாதிரி சந்தேகிக்கிறார், விலையை அடித்துக் கேட்கிறார். நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் இதை எழுதினார்; 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வியாபாரியிடம் அலுவலகத்திலிருந்து கழித்த 20 லேப்டாப்கள் இருக்கின்றன. பக்கத்து ஊர் கணினிப் பயிற்சி மையத்துக்கு எழுத வேண்டும். எழுதும் முன் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு லேப்டாப்பிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடிக்க வேண்டும்:

```
powercfg /batteryreport
```

விண்டோஸ் ஓர் அறிக்கையை உருவாக்கும். அதில் DESIGN CAPACITY என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, FULL CHARGE CAPACITY என்பது இப்போது நிரம்பும் அளவு. முதலாவது 50,000, இரண்டாவது 31,000 என்றால் மிச்சம் 62 சதவீதம்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் எழுதினால் போதாது. அது பேட்டரிக்குள் இருக்கும் சிப் போடும் மதிப்பீடு, சில சமயம் தவறும். மாற்று பேட்டரி போட்டிருந்தால் நூறு சதவீதம் என்றுகூடக் காட்டும், ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும். அதனால் முழுதாக சார்ஜ் ஏற்றி, திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, வைஃபையோடு வீடியோ ஓடவிட்டு, எப்போது அணைகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பதே மேல். 20 லேப்டாப்புக்கு இது ஒரு நாள் வேலைதான். பலர் சோம்பல்படுவதும் இங்கேதான்.

அடுத்தது பிராசஸர். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. இந்த 20-இல் 6 ஏழாம் தலைமுறை என்று வைத்துக்கொள்வோம். 'ஐ5 லேப்டாப் 20' என்று சொல்லி அந்த ஆறையும் கலந்து அனுப்பினால் எழுதியதில் பொய் இருக்காது. ஆனாலும் மையத்துக்காரர் ஏமாந்துதான் இருப்பார்.

இவ்வளவும் பார்த்த பிறகு கடிதம் இப்படி வரலாம்:

'ஐயா, வணக்கம். ஓர் அலுவலகத்தில் நான்காண்டு ஓடிய 20 லேப்டாப்கள் இருக்கின்றன. 14-இல் விண்டோஸ் 11 முறையாக ஓடும். 6-இல் ஓடாது, இணையம் இல்லாமல் டைப்பிங் பயிற்சிக்கு மட்டும் ஆகும், விலையும் குறைவு. பேட்டரி வீடியோ ஓட்டிப் பார்த்ததில் நன்றாக இருப்பது 3 மணி 10 நிமிடம், மோசமானது 2 மணி 20 நிமிடம். முழு நாள் வகுப்புக்கு பிளக் பாயின்ட் வேண்டும். 5 லேப்டாப்பின் மூடியில் கீறல், ஒன்றில் திரையோரம் வெள்ளைப் புள்ளி. வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட் வகுப்புக்கு இவை வேண்டாம். சீரியல் எண் வாரியாகப் பட்டியல் இணைத்திருக்கிறேன்.'

சராசரி போடாமல் மிக மோசமானதன் நேரத்தைத் தனியே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். மாணவர் கையில் சராசரி லேப்டாப் வருவதில்லை. யாரோ ஒருவருக்கு அந்த 2 மணி 20 நிமிட லேப்டாப்தான் வரும். மூடிக் கீறல் ஒரு வரியோடு முடிந்துவிட்டது. எடிட்டிங் வகுப்புக்கு ஆகாது என்பதும் பிளக் பாயின்ட் வேண்டும் என்பதும் வாங்குபவரின் அன்றாட வேலையைத் தொடுபவை, அதனால் முழுதாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. எல்லாக் குறையையும் ஒரே எடையில் அடுக்கினால் படிப்பவர் மிரண்டுவிடுவார், முக்கியமானதும் அதில் புதைந்துபோகும்.

ஒன்றை மட்டும் விற்கவே கூடாது. டச்பேட் மேலெழும்பியிருந்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். அதைக் கழற்றி மாற்றிய பிறகே அந்த லேப்டாப் பட்டியலுக்குள் வர வேண்டும். போட்டது ஒரிஜினல் இல்லையென்றால் அதையும் அந்த சீரியல் எண்ணுக்கு எதிரே எழுத வேண்டும்.

சரக்கு இறங்கியதும் மையத்துக்காரர் ஏதாவது மூன்றை எடுத்து அதே கட்டளையை அடிப்பார், ஒன்றில் வீடியோ ஓடவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.