நூற்றுக்கு நூற்றைந்து வராத கணக்கு

படிக்கும் நேரத்தை வைத்து மதிப்பெண் விகிதத்தை நேர்கோட்டால் கணித்தால், விழுந்து விழுந்து படிக்கும் பிள்ளைக்கு 1.05 என்று விடை வரலாம். நூற்றுக்கு நூற்றைந்து யார் போடுவார்?

2004இல் ஃபெராரியும் கிரிபாரி-நெட்டோவும் முன்வைத்த பீட்டா ரெக்ரஷனில் இந்தச் சிக்கல் இல்லை. பெற்ற பங்கை இழந்த பங்கால் வகுத்து, அதன் இயல் மடக்கையில்தான் இது கூட்டுகிறது. ஒரு மணி நேரப் படிப்பின் கெழு 0.2 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 0.50 என்றால் அது 0.55க்கு ஏறும், 0.95 என்றால் 0.96ஐத் தொடுவதே பெரிது. ஆசிரியர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். விளிம்புகளில் மதிப்பெண்களின் சிதறல் சுருங்குவதையும் இந்த முறை கணக்கில் கொள்கிறது.

சரியாக 0 அல்லது 1 வந்தால் மட்டும் பீட்டா பரவல் ஏற்காது. ஓரிருவர் என்றால் மதிப்பைச் சற்று உள்ளே தள்ளலாம். சென்டம் வாங்கியவர்கள் நிறைய இருந்தால், அவர்களுக்கெனத் தனிப்பகுதி கொண்ட மாதிரியே சரி.